டூட்டி சார்ட்டும் இருநூறு விடைத்தாளும்

எங்க அம்மா பள்ளி ஆசிரியை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு சமூக அறிவியல். எனக்குக் கூட்டல் ஒழுங்காக வர ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு அரையாண்டு விடுமுறையிலும் எனக்கு ஒரு வேலை உண்டு. அம்மா திருத்தி வைக்கும் பேப்பர்களில் போட்ட மார்க்குகளைக் கூட்டி, முதல் பக்கத்தில் இருக்கும் மொத்தத்தோடு சரிபார்ப்பது. கூலி, ஒரு கட்டுக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய்.

அப்படி ஒரு நாள் ராத்திரி பதினொரு மணி இருக்கும். ஒரு பேப்பர், மொத்தம் 31. பாஸ் மார்க் 35. சும்மா புரட்டிக்கொண்டே போனால், அடிஷனல் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒரு ஐந்து மார்க் கேள்விக்கு முழுப் பதில் இருக்கிறது. சிவப்பு மை அந்தப் பக்கத்தில் படவே இல்லை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். ஐந்துக்கு ஐந்து போட்டார். 36. "பாவம்டா அந்தப் பிள்ளை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதற்கு முன்னால் திருத்தி முடித்த நூற்றிப்பத்து பேப்பரையும் திரும்ப எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

இது அம்மாவின் கவனக்குறைவு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பி.காம். சேர்ந்து அடக்கவிலைக் கணக்கியல் படித்த பிறகுதான் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று தோன்றியது. அது ஆசிரியர் அறை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் டூட்டி சார்ட்டில் இருக்கிறது.

முதலில் சார்ட் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். அம்மா பள்ளியின் போன அரையாண்டுத் தேர்வையே எடுத்துக்கொள்கிறேன். கணக்கு சுலபமாக இருக்க எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை 960 பிள்ளைகள். தேர்வு 7 நாள், காலை மதியம் என்று நாளுக்கு இரண்டு வேளை, ஆக 14 வேளை. இரண்டு வகுப்புப் பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்காரவைத்து அறைக்கு 40 பேர். காலையில் 14 அறை, மதியம் 10 அறை. தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக ஆள் மாற்றிவிடும் ரிலீவர் வேளைக்கு இரண்டு பேர். ஆக காலை 16 பேர், மதியம் 12 பேர், நாளைக்கு 28 பேர். ஏழு நாளைக்கு 196 டூட்டி. தலைமையாசிரியரையும் சார்ட் போடும் உதவித் தலைமையாசிரியரையும் தவிர்த்து மிச்சம் 35 ஆசிரியர்கள்.

உதவித் தலைமையாசிரியர் சார் என்ன செய்வார்? பெயர்ப் பட்டியலை ஜூனியரிலிருந்து வரிசையாக எழுதுவார். முதல் 16 பேர் காலை, அடுத்த 12 பேர் மதியம், மறுநாள் இருபத்தொன்பதாவது ஆளிலிருந்து ஆரம்பம். பட்டியல் முடிந்தால் மறுபடி மேலிருந்து. இப்படிச் சுற்றினால் ஐந்து சுற்று முழுசாக வந்து, 21 டூட்டி மீதி நிற்கும். அதனால் பட்டியலில் முதல் 21 பேருக்கு ஆறு டூட்டி, மீதி 14 பேருக்கு ஐந்து. ஒரே நாளில் யாருக்கும் இரண்டு டூட்டி இல்லை. பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். யாரும் சண்டைக்கும் வர முடியாது.

நிற்க. இந்தச் சார்ட்டில் ஒரு முழு வேலையே காணாமல் போயிருக்கிறது. பேப்பர் திருத்துவது!

ஒரு டூட்டி என்றால் மூன்று மணி நேரத் தேர்வு. அதற்கு முன் விடைத்தாள் கொடுப்பது, பின்னால் எண்ணி வரிசைப்படுத்திக் கட்டி ஒப்படைப்பது எல்லாம் சேர்த்து மூன்றரை மணி. 196 டூட்டிக்கு 686 மணி நேரம். இப்போது விடைத்தாளை எண்ணுவோம். பத்தாம் வகுப்பு வரை 660 பிள்ளைகள், ஆளுக்கு 5 பாடம், 3300 பேப்பர். மேல்நிலையில் 300 பிள்ளைகள், ஆளுக்கு 6 பாடம், 1800 பேப்பர். மொத்தம் 5100. ஒரு பேப்பருக்குச் சராசரி 8 நிமிடம் என்று வைத்தால் (அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்து எழுதியிருக்கிறேன்) 680 மணி நேரம்.

686-உம் 680-உம்! பள்ளி மொத்தத்துக்கும் ஹாலில் நிற்கும் நேரமும் திருத்தும் நேரமும் கிட்டத்தட்ட சமம். ஆனால் சார்ட்டில் ஏறுவது ஒன்று மட்டும்தான். இன்னொன்று கட்டைப்பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

அது எல்லோர் வீட்டுக்கும் ஒரே அளவில் வந்தால்கூடப் பரவாயில்லை. அம்மாவுக்கு ஐந்து பிரிவு, 200 பேப்பர். எட்டு நிமிடக் கணக்கில் கிட்டத்தட்ட 26 மணி 40 நிமிடம். இப்படி 200 பேப்பர் வாக்கில் வைத்திருப்பவர்கள் அந்தப் பள்ளியில் 12 பேர். அதே பள்ளியில் இரண்டு பி.இ.டி. சார், ஓவிய ஆசிரியர், தையல் டீச்சர் என்று நான்கு பேருக்குத் திருத்த ஒரு பேப்பர்கூடக் கிடையாது. எல்லோருக்கும் ஆறு டூட்டி, அதாவது 21 மணி நேரம் கொடுத்தால், அம்மாவுக்கு மொத்தம் 47 மணி 40 நிமிடம். பி.இ.டி. சாருக்கு 21 மணி. சமமாகப் பிரித்ததாலேயே வந்த வித்தியாசம் இது.

பி.இ.டி. சார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வருடம் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் நீங்கள்தான், தெரியும். நான் பேசுவது இந்த ஏழு நாள் கணக்கை மட்டும்.

காமர்ஸ் மக்களுக்கு இது புதிதில்லை. ஒரு தொழிற்சாலையின் கட்டட வாடகையை ஐந்து துறைகளுக்குப் பிரிக்கும்போது ஐந்தால் வகுத்தால் வாத்தியார் முட்டைதான் போடுவார். யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று சதுர அடியை வைத்துப் பிரிக்கணும். பகிர்வுக்கு அடிப்படை எது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. டூட்டி சார்ட்டில் அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. 'டூட்டி எண்ணிக்கை' அடிப்படை இல்லை. 'தேர்வு முடிந்து மார்க் ஒப்படைக்கும் வரை ஒருவர் செலவழிக்கும் மணி நேரம்' என்பதுதான் அடிப்படையாக இருக்கணும்.

சரி, அப்படிப் பிரித்தால் என்ன ஆகும்? மொத்தம் 1366 மணி நேரம், 35 பேர், ஆளுக்கு 39 மணி நேரம். பேப்பரே இல்லாதவருக்கு 39 மணி நேரத்தையும் ஹாலிலேயே கொடுத்தால் 11 டூட்டி. ஏழு நாளில் 11 டூட்டி என்றால் நான்கு நாள் காலையிலும் மதியமும் நிற்கணும். இது அநியாயம். உட்கார்ந்து திருத்துவதும் நின்று கண்காணிப்பதும் ஒன்றில்லை. அதனால் ஒரு உச்சவரம்பு வேண்டும். யாருக்கும் இரண்டு நாளுக்கு மேல் இரட்டை டூட்டி கூடாது என்று வைத்தால் அதிகபட்சம் 9.

நான்கு பேருக்கு ஒன்பது, ஆக 36. அதிக பேப்பர் உள்ள 12 பேருக்கு நான்கு, ஆக 48. மீதி 19 பேருக்கு 112 டூட்டி வரும். அதாவது 17 பேருக்கு ஆறு, இரண்டு பேருக்கு ஐந்து. கூட்டிப் பாருங்கள், 196 சரியாக வரும். இப்போது மணி நேரம்: பேப்பர் இல்லாதவர்களுக்கு 31½. அம்மா மாதிரி ஆட்களுக்கு 14 மணி ஹால், 26 மணி 40 நிமிடம் பேப்பர், ஆக 40 மணி 40 நிமிடம். நடுவில் இருக்கும் 19 பேரிடம் சராசரியாக 142 பேப்பர் இருக்கும், அது 19 மணி. ஆறு டூட்டியோடு சேர்த்தால் 40 மணி. பெரிய வித்தியாசம் 26 மணியிலிருந்து 9 மணியாகச் சுருங்கிவிட்டது. கவனித்தீர்களா, நடுவில் இருக்கும் 19 பேரில் பெரும்பாலோருக்குப் பழைய சார்ட்டுக்கும் புது சார்ட்டுக்கும் வித்தியாசமே இல்லை. யாரோ ஒருவர் தலையில் எல்லாம் விடிகிறது என்று சொல்ல முடியாது.

ஆனால் மொத்த மணி நேரத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. இதை எனக்குச் சொன்னது அம்மாதான். என் கணக்கைப் பெருமையாகக் காட்டினேன். "எல்லாம் சரிடா. என் பேப்பர் ஏழாம் நாள்தானே என் கைக்கு வருது? அதுக்கு முன்னாடி எனக்கு லீவு விட்டா நான் எதைத் திருத்துவேன்?" என்றார். வாயடைத்துப் போனேன்.

உண்மைதான். மொழிப்பாடம் முதல் நாளே முடிந்துவிடும், சமூக அறிவியல் கடைசி நாள். தமிழய்யாவுக்கு முதல் நாள் மாலையே கட்டு கையில். அவருக்கு இரண்டு, மூன்று, நான்காம் நாள் டூட்டி இல்லாமல் விட்டால் பள்ளியிலேயே உட்கார்ந்து நாளைக்கு ஆறு மணி நேரம் திருத்தலாம், மூன்று நாளில் 18 மணி. அவருடைய நான்கு டூட்டியில் ஒன்றை முதல் நாளும், மற்ற மூன்றை ஐந்து, ஆறு, ஏழாம் நாளும் வைக்கணும். கடைசி மூன்று நாளின் அரை நாள் ஓய்வுகளில் இரண்டரை மணி வீதம் இன்னொரு 7½ மணி. ஆக 25½. 200-இல் ஒன்பது பேப்பர் மட்டும்தான் வீட்டுக்குப் போகும்.

அம்மாவுக்கு நேர் தலைகீழ். நான்கு டூட்டியும் முதல் ஐந்து நாளில். ஏழாம் நாள் கண்டிப்பாகக் கூடாது. ஆனாலும் அவருடைய 26 மணி விடுமுறையில்தான் விழும். இதைச் சார்ட்டால் தீர்க்க முடியாது, ஏனென்றால் பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலைக்கும் தேர்வு வரிசையைப் பள்ளி முடிவு செய்வதில்லை, மேலிருந்து வருகிறது. பள்ளியால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, கெடுவை மாற்றுவது. "பள்ளி திறந்த அன்று எல்லோரும் எல்லா மார்க்கும் ஒப்படைக்கணும்" என்பது தமிழய்யாவுக்கு இரண்டு வாரம், அம்மாவுக்கு ஒரு வாரம். அதுவும் விடுமுறை வாரம். கட்டு கைக்கு வந்த நாளிலிருந்து இத்தனை வேலைநாள் என்று கெடு வைத்தால் இருவருக்கும் ஒரே அளவு. கடைசி நாள் பாடக்காரர்களுக்குப் பள்ளி திறந்த பிறகு சில நாள் தள்ளிப்போகும். அவ்வளவுதான். குடி முழுகிவிடாது.

அடுத்தது மோதல். ஒரே ஆள் ஒரே வேளையில் இரண்டு அறையில் இருப்பார். ஒரே இனிஷியலில் இரண்டு பேர் இருந்தால் இது நிச்சயம் நடக்கும். தன் பாடத் தேர்வுக்குத் தானே கண்காணிப்பாளராக இருப்பார். பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனவர் பெயர் சார்ட்டில் இருக்கும். இதெல்லாம் காலை ஒன்பதரை மணிக்கு, வினாத்தாள் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியவரும்.

காரணம் சார்ட்டின் அமைப்பு. அறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஆள் பெயரை நிரப்புகிறார்கள். அப்படி எழுதினால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தது கண்ணில் படாது. அதையே திருப்பிப் போடுங்கள். இடது பக்கம் ஆசிரியர் பெயர், மேலே 14 வேளை. டூட்டி இருந்தால் கட்டத்தில் 1. ஒரு ஆளுக்கு ஒரு வேளையில் ஒரே கட்டம்தான் இருக்கிறது, அதனால் இரண்டு அறையில் போடவே முடியாது. சொந்தப் பாட வேளை, வெளி வேலைக்குப் போகும் நாள் எல்லாவற்றையும் 1 போட ஆரம்பிக்கும் முன்பே சாம்பல் நிறம் அடித்துவிடணும். கீழே கூட்டினால் காலைக்கு 16, மதியத்துக்கு 12 வரணும். வலது பக்கம் ஒவ்வொருவரின் மணி நேரம். விரிதாளில் B முதல் O வரை 14 வேளை, P-இல் பேப்பர் எண்ணிக்கை என்றால் Q-இல் இது போதும்:

```
=SUM(B2:O2)*3.5+P2*8/60
```

எட்டு நிமிடம் என்பது எல்லாப் பாடத்துக்கும் பொருந்தாது. ஆறாம் வகுப்புப் பேப்பர் ஐந்து நிமிடத்தில் முடியும். கணக்குப்பதிவியலில் பேரேடு கூட்டல் ஒன்று தப்பினால் பையன் எந்த இடத்தில் தப்பினான் என்று தேடவே பன்னிரண்டு நிமிடம் ஆகும். பாடத்துக்கு ஐந்து பேப்பரை நேரம் பார்த்துத் திருத்தி, அந்தச் சராசரியை 8-க்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளலாம்.

யார் எந்த அறை என்பது இந்தச் சார்ட்டில் வரவே கூடாது. அது அன்று காலை சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியது. முன்கூட்டியே அறை தெரியாமல் இருப்பது தேர்வுக்கும் நல்லது. யாராவது திடீரென்று வராவிட்டால் ரிலீவர் ஒருவர் அறைக்குப் போவார், ரிலீவர் இடத்துக்கு அன்று ஓய்வில் இருப்பவர்களில் Q-இல் குறைவான எண் உள்ளவர் வருவார். கையில் கிடைத்தவரைக் கூப்பிடுவது என்று இருந்தால், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பவர்தான் எப்போதும் மாட்டுவார். இரண்டு பேர் தங்களுக்குள் டூட்டியை மாற்றிக்கொண்டால் அதையும் சார்ட்டில் ஏற்றணும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளிலேயே Q பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு செய்தும் சுமை சரியாகப் பிரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆசிரியர்களைக் கேட்டால் எல்லோருமே கஷ்டம் என்றுதான் சொல்வார்கள் :-) பேப்பரைக் கேட்கணும். ஒவ்வொரு கட்டின் மேலிருந்து ஐந்து, அடியிலிருந்து ஐந்து எடுத்து வேறொருவர் மார்க்கைக் கூட்டி, திருத்தாத பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கட்டும். மேலே பிழை இல்லாமல் அடியில் மட்டும் பிழை என்றால் அவர் களைத்துப்போய்த் திருத்தியிருக்கிறார் என்று அர்த்தம். பொதுத்தேர்வு முகாமில் இதற்கென்றே கூர்ந்தாய்வு அலுவலர் உண்டு, அப்படியும் ஏதாவது தப்பினால் மறுகூட்டல் உண்டு. அரையாண்டு எழுதும் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே? அதற்கு இருந்தது கடலை மிட்டாய்க்கு ஆசைப்பட்ட ஒரு பையன் மட்டும்தான்.

இந்தக் கணக்கை அம்மா அவருடைய உதவித் தலைமையாசிரியரிடம் காட்டினார். மனிதர் நல்லவர். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "டீச்சர், கணக்கு சரிதான். ஆனா எல்லாருக்கும் ஆறுன்னு சொன்னா யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. உங்களுக்கு நாலு, அவருக்கு ஒன்பதுன்னா நான் தினம் பதில் சொல்லணும்" என்றாராம். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் போடும் சார்ட் வேலையைப் பிரிப்பதற்கு மட்டும் இல்லை, தன் மேல் பழி வராமல் இருப்பதற்கும்தான். அதனால்தான் பேப்பர் எண்ணிக்கையும் மணி நேரமும் சார்ட்டிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கணும் என்கிறேன். ஒன்பதுக்குப் பக்கத்தில் 31½ என்றும், நாலுக்குப் பக்கத்தில் 40 மணி 40 நிமிடம் என்றும் எழுதியிருந்தால் பதில் சொல்லும் வேலையைச் சார்ட்டே பார்த்துக்கொள்ளும்.

கடைசியில் பாதி ஜெயித்தோம். திருப்புதல் தேர்வுக்குப் போட்ட சார்ட்டில் பேப்பர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் வந்திருக்கிறது. டூட்டி எண்ணிக்கை மட்டும் இன்னும் எல்லோருக்கும் சமம்தான். ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்த ஓவிய சார், அம்மாவின் ஒரு மதிய டூட்டியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம். "இருநூறா! எனக்குத் தெரியவே தெரியாது டீச்சர்" என்றாராம். ஒரே ஸ்டாஃப் ரூமில் பத்து வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் இரண்டு பேரும்.

உங்கள் வீட்டிலும் ஆசிரியர் இருந்தால் இந்த முறை எத்தனை பேப்பர், எத்தனை டூட்டி என்று கேட்டு, பெருக்கிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.